தவணை கேட்டு ஒரு கடிதம்: கடுமையும் வேண்டாம், குழைவும் வேண்டாம்



இன்றைய பதிவு சற்று நீளம். பொறுமையாகப் படியுங்கள். உங்களில் கடை வைத்திருப்பவர்களும் உண்டு, தவணையில் பொருள் வாங்கியவர்களும் உண்டு. இருவருக்கும் பொதுவான ஒரு விஷயம் இது.

தவணைப் பணம் வராதபோது அதை நினைவூட்டி எழுதும் நான்கு வரியைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். அந்த நான்கு வரியைப் பெரும்பாலும் இரண்டு விதமாக எழுதுகிறார்கள். ஒன்று, போலீஸ் நோட்டீஸ் மாதிரி. இன்னொன்று, கல்யாணப் பத்திரிகை மாதிரி. முதலாவதைப் படித்தவருக்குக் கோபம் வரும், இரண்டாவதைப் படித்தவருக்கு ஒன்றும் புரியாது. இரண்டிலும் பணம் வராது. மரியாதையாகவும் தெளிவாகவும் ஒரே கடிதத்தில் எழுத முடியும், அதற்குத் தமிழில் எல்லா வசதியும் இருக்கிறது என்பது என் கருத்து.

பாபநாசம் பக்கம் என் பழைய மாணவர் ஒருவர் கட்டில், பீரோ, டைனிங் டேபிள் செய்து விற்கிறார். பின்னால் பட்டறை, முன்னால் கடை. பாதி வியாபாரம் தவணையில்தான். ஃபைனான்ஸ் கம்பெனி எதுவும் நடுவில் இல்லை. அவரே ஒரு அட்டை போட்டுக் கொடுப்பார், வாங்கியவர் மாதாமாதம் கட்டி அதில் கையெழுத்து வாங்கிக்கொள்வார். மகள் கல்யாணத்துக்குச் சீர் கொடுக்க வேண்டிய குடும்பங்கள்தான் அதிகம். கையில் மொத்தமாக 36,000 ரூபாய் இல்லாதவர்கள் 6,000 முன்பணம் கட்டிவிட்டு, மீதி 30,000 ரூபாயை மாதம் 3,000 வீதம் பத்து தவணையாகக் கட்டுவார்கள்.

அப்படி மே மாதம் கட்டிலும் பீரோவும் வாங்கிய ஓர் அம்மா, ஜூன் 5 தொடங்கி நவம்பர் 5 வரை ஆறு தவணையையும் தேதி தவறாமல் கட்டினார். டிசம்பர் 5ஆம் தேதி வரவேண்டிய ஏழாவது தவணை வரவில்லை. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, கடையிலிருந்து வாட்ஸாப்பில் இப்படி ஒரு செய்தி போயிருக்கிறது:

"நினைவூட்டல்!! தாங்கள் எங்கள் கடையில் வாங்கிய பொருளுக்கான தவணைத் தொகையைச் செலுத்தத் தவறிவிட்டீர்கள். நிலுவைத் தொகை ரூ.12,000. உடனடியாகச் செலுத்தவும். தவறினால் முன்னறிவிப்பின்றிப் பொருள் கைப்பற்றப்படும்."

இது எல்லாருக்கும் அனுப்புவதற்காக எங்கிருந்தோ எடுத்து வைத்திருந்த வாசகம். தொகையை மட்டும் மாற்றுவார்கள். இதை அனுப்பிய பிறகு அந்த அம்மா கடைத் தெரு வழியாக வருவதையே நிறுத்திவிட்டார். மாணவரின் மகன் கல்லூரியில் படிக்கிற பிள்ளை, அப்பா எழுதியது கடுமை என்று அவனாக ஒன்று எழுதி அனுப்பினான்:

"அன்புள்ள வாடிக்கையாளரே, நலமாக இருக்கிறீர்களா? தங்கள் ஆதரவுக்கு நன்றி. தங்களுக்கு முடியும்போது தவணையைச் சற்றுக் கவனித்துக்கொண்டால் மிகவும் மகிழ்வோம்."

அதற்கும் பதில் இல்லை. "சார், நீங்க தமிழ் வாத்தியார், நீங்களே ஒண்ணு எழுதிக் கொடுங்க" என்று போன் செய்தார். பட்டறையில் இரண்டு ஆசாரிகளுக்கு வாரக் கூலி கொடுக்கவேண்டும், பலகைக்கும் ஃபோமுக்கும் முப்பது நாள் கடனில் சரக்கு எடுத்திருக்கிறார். பத்துப் பேர் ஒரு மாதம் தள்ளினால் 30,000 ரூபாய் இடிக்கும். அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆகவே கடனைக் கேட்கலாமா என்பது இங்கே கேள்வியே இல்லை. எப்படிக் கேட்பது என்பதுதான் கேள்வி.

முதல் செய்தியை எடுத்துக்கொள்வோம். அதில் கடுமை இருப்பது மட்டும் குறையில்லை. அது தெளிவாகவும் இல்லை. "நிலுவைத் தொகை ரூ.12,000" என்கிறது. அந்த அம்மா ஆறு தவணையில் 18,000 கட்டிவிட்டார், மொத்தப் பாக்கி 12,000 என்பது கணக்குப்படி சரி. ஆனால் இப்போது கட்டவேண்டியது 3,000 மட்டும்தானே? படிக்கிறவர் 12,000 ரூபாயையும் உடனே கேட்கிறார்கள் என்றுதான் நினைப்பார். 3,000 புரட்ட முடிகிறவர்கூட 12,000 என்று பார்த்தால் கையை விரித்துவிடுவார். நினைவூட்டும் கடிதத்தில் ஒரே ஒரு தொகைதான் இருக்கவேண்டும், அது இப்போது கட்டவேண்டிய தொகை. மொத்தப் பாக்கியை ரசீதில் எழுதிக் கொடுங்கள்.

"உடனடியாக" என்பதும் அப்படித்தான். கேட்க அதட்டலாக இருக்கிறது, ஆனால் அதில் தேதி இல்லை. உடனடி என்றால் இன்றா, இந்த வாரமா? தேதி இல்லாத கெடுவை யாரும் தாண்டவும் முடியாது, காப்பாற்றவும் முடியாது.

அடுத்து மொழி. "தவறிவிட்டீர்கள்" என்ற வினையில் "தவறு" உட்கார்ந்திருக்கிறது. வாக்கியத்தின் எழுவாய் அந்த அம்மா, குற்றமும் அவர் மேல். இதையே "ஏழாவது தவணை இன்னும் வந்து சேரவில்லை" என்று எழுதிப் பாருங்கள். எழுவாய் தவணை. பணம் வரவில்லை என்ற செய்தி ஒரு துளியும் குறையவில்லை, ஆனால் யாரையும் கூண்டில் ஏற்றவில்லை. ஒருவேளை மகனிடம் கொடுத்து அனுப்பி அவன் கட்டாமல் விட்டிருக்கலாம், கடையில் வாங்கி அட்டையில் பதியாமல் விட்டிருக்கலாம். காரணம் தெரியாதபோது "வரவில்லை" என்பதுதான் உண்மையும்கூட.

"செலுத்தவும்" என்பது பலகையில் எழுதும் தமிழ். "செருப்பைக் கழற்றவும்", "வரிசையில் வரவும்" என்பதைப் போல யாரும் யாரிடமும் பேசாத மொழி. எதிரே ஒரு மனுஷி இருக்கிறார் என்றால் "கட்டிவிடுங்கள்" என்று எழுதவேண்டும். இதில் பணிவு குறைந்துவிடவில்லை. "-ங்கள்" என்பதே மரியாதை விகுதிதான்.

"பொருள் கைப்பற்றப்படும்" என்ற வரிக்குக் கொஞ்சம் நின்று பேசவேண்டும். யார் கைப்பற்றுவார்கள்? எந்த உரிமையில்? அந்த அம்மாவிடம் இருப்பது விற்பனை பில். பில் போட்டு விற்று, பணத்தைத் தவணையாகக் கட்டச் சொன்னால், பொருள் வாங்கியவருடையது. கடைக்காரருக்கு வரவேண்டியது பணம்தான், அதற்கு வழக்குப் போடலாம், வீட்டுக்குள் போய்ப் பீரோவைத் தூக்க முடியாது. கடைசித் தவணை வரை பொருள் கடைக்காரருடையதாகவே இருக்கும் வாடகைக் கொள்முதல் முறை வேறு. அதற்குத் தனியாக எழுத்து ஒப்பந்தம் வேண்டும். அதற்கென்று 1972இல் நாடாளுமன்றம் ஒரு சட்டமே இயற்றியது. ஆனால் அது ஒருநாளும் நடைமுறைக்கு வராமலே போய்விட்டது. வாடகைக் கொள்முதலாக இருந்தாலும்கூட, ஆள் கூட்டிக்கொண்டு போய்ப் பலவந்தமாக எடுப்பது வேறு வழக்கில் கொண்டுபோய் விடும். கடன் வசூலில் வற்புறுத்தலைத் தடுக்க நம் சட்டமன்றமே 2025இல் ஒரு சட்டம் நிறைவேற்றியிருக்கிறது. தன்னால் செய்ய முடியாத ஒன்றைச் செய்வேன் என்று எழுதினால் அது கண்டிப்பு ஆகாது. விவரம் தெரிந்தவர் சிரிப்பார், தெரியாதவர் பயந்து ஒளிவார். ஒளிகிறவரிடமிருந்து பணம் வராது.

இனி மகன் எழுதியது. நல்ல பிள்ளை, நல்ல மனசு. ஆனால் அந்தச் செய்தியில் எந்தப் பொருள், எத்தனையாவது தவணை, எவ்வளவு, எந்தத் தேதி என்று ஒன்றுமே இல்லை. "முடியும்போது" என்ற ஒரு சொல் அட்டையில் அச்சிட்டிருக்கும் 5ஆம் தேதியையே ரத்து செய்துவிடுகிறது. "கவனித்துக்கொண்டால் மகிழ்வோம்" என்றால், கவனிக்காவிட்டால் மகிழமாட்டார்கள், அவ்வளவுதான் என்று எடுத்துக்கொள்ளலாம். இதைப் படித்துவிட்டு ஒருவர் சும்மா இருந்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. மூன்று வாரம் கழித்துக் கடைக்காரர் பொறுமை இழந்து சத்தம் போட்டால், "நேத்துவரைக்கும் முடியும்போது கட்டுங்கன்னீங்களே" என்றுதான் கேட்பார். தெளிவில்லாத அன்பு கடைசியில் சண்டையில் போய் முடியும்.

நான் எழுதிக் கொடுத்தது இது:

"திருமதி ........ அவர்களுக்கு, வணக்கம்.

நீங்கள் மே மாதம் வாங்கிய கட்டில், பீரோவுக்கு டிசம்பர் 5ஆம் தேதி வரவேண்டிய 7ஆவது தவணை ரூ.3,000 இன்னும் வந்து சேரவில்லை. முதல் 6 தவணையும் நீங்கள் தேதி தவறாமல் கட்டியது எங்கள் கணக்கில் இருக்கிறது.

இந்த 3,000 ரூபாயை டிசம்பர் 20, சனிக்கிழமை இரவு 8 மணிக்குள் கட்டிவிடுங்கள். கடைக்கு வந்து கட்டலாம், அல்லது உங்கள் அட்டையில் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு அனுப்பலாம்.

அன்றைக்குள் முடியாது என்றால், அதற்கு முன்பே எனக்குப் போன் செய்து, எந்தத் தேதியில் எவ்வளவு தர முடியும் என்று சொல்லுங்கள். பேசி முடிவு செய்துகொள்ளலாம்.

ஏற்கெனவே கட்டியிருந்தால் அட்டையைப் படம் எடுத்து அனுப்புங்கள். சரிபார்த்துப் பதிந்துகொள்கிறோம்."

கீழே கடைக்காரரின் பெயர், எண்.

ஏன் இப்படி என்று ஒவ்வொன்றாகச் சொல்லிவிடுகிறேன்.

"அக்கா" என்று தொடங்கலாமா என்று மாணவர் கேட்டார். நேரில் அவர் அப்படித்தான் கூப்பிடுவார். ஆனால் நம் பக்கம் பல வீடுகளில் ஒரே போனைக் கணவர், மகன், பேத்தி எல்லாரும் எடுப்பார்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைதான் செய்தியை வாசித்துச் சொல்லும். யாருடைய தவணை என்று பெயர் சொல்லி எழுதிவிட்டால் குழப்பம் இல்லை. அதோடு, பிள்ளை வாய்விட்டு வாசித்தாலும் அந்த அம்மா தலைகுனிய வேண்டியிராத சொற்களாக இருக்கவேண்டும். இது எனக்கு முக்கியமான சோதனை. அனுப்பும் முன் அந்த வீட்டுத் திண்ணையில் இதைச் சத்தமாக வாசிக்கிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள். எந்தச் சொல் உறுத்துகிறதோ அதை எடுத்துவிடுங்கள். அதே காரணத்தால் இதைத் தெரு குரூப்பிலோ, அவருடைய சொந்தக்காரருக்கோ அனுப்பக்கூடாது.

முதல் ஆறு தவணை பற்றிய வரி ஐஸ் வைப்பதற்காக இல்லை. அது கணக்கு. கடைக்காரரின் நோட்டும் வாங்கியவரின் அட்டையும் ஒத்துப்போகிறதா என்பதை அந்த வரி சோதித்துவிடுகிறது. அட்டையில் ஏழு கையெழுத்து இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

"20ஆம் தேதிக்குள்" என்று மட்டும் எழுதினால், 20 சேருமா சேராதா என்று ஒரு சந்தேகம் உண்டு. கிழமையும் நேரமும் சேர்த்தால் சந்தேகம் போய்விடும். கிழமை போடுவதில் இன்னொரு லாபம், கிராமத்தில் பலருக்கு மனதில் நிற்பது தேதியைவிடக் கிழமைதான்.

பணம் அனுப்பும் சுட்டி எதையும் செய்தியில் வைக்காதீர்கள். ஏமாற்றுச் செய்திகளைக் கண்டு ஜனங்கள் பயந்துபோயிருக்கிறார்கள், பயப்படவும் வேண்டும். "அட்டையில் இருக்கும் அதே எண்" என்றால் அவர்களே ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வார்கள்.

கடைசியாக, "எந்தத் தேதியில் எவ்வளவு" என்ற கேள்வி. இந்தக் கடிதத்தின் உயிரே இதில்தான் இருக்கிறது. மாதத் தவணை என்பது மாதச் சம்பளக்காரருக்காக உண்டான ஏற்பாடு. நம் டெல்டாவில் வருமானம் மாதாமாதம் வருவதில்லை. குறுவை அறுப்பு முடிந்து புரட்டாசி, ஐப்பசியில் கொஞ்சம் பணம் புழங்கும். டிசம்பரில் சம்பா வயலில் நிற்கும். உரத்துக்கும் களைக்கும் பணம் போகும், உள்ளே வராது. மழை பிடித்துக்கொண்டால் கூலி வேலையும் இல்லை. தை பிறந்து அறுத்து, கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் பார்த்து மூட்டை எடை போட்டு, வங்கிக் கணக்கில் பணம் ஏறும்போதுதான் கை நிமிரும். ஆறு மாதம் ஒழுங்காகக் கட்டியவர் டிசம்பரில் நின்றால், மனம் மாறிவிட்டது என்று நினைப்பதற்கு முன் வயலைப் பார்க்கவேண்டும்.

அப்படித்தான் ஆயிற்று. செய்தி போன மறுநாள் அந்த அம்மாவே போன் செய்தார். நடவுக்கும் களைக்கும் போகிறவர், கொஞ்சம் குத்தகை நிலமும் உண்டு. "மழையில பத்து நாளா வேலையே இல்ல தம்பி. சனிக்கிழமை ஆயிரத்து ஐந்நூறு தர்றேன். மீதிய நெல்லு போட்டுத்தான் தரணும்" என்றாராம். மாணவர் அந்த 1,500 ரூபாயை ஜனவரி தவணையோடு சேர்க்கப் பார்த்தார். நான் வேண்டாம் என்றேன். டிசம்பரில் 3,000 கட்ட முடியாதவர் பொங்கல் செலவையும் தாண்டி ஜனவரி 5ஆம் தேதி 4,500 எப்படிக் கட்டுவார்? ஜனவரிக்கு வழக்கம்போல 3,000, பிப்ரவரியில் 4,500 என்று பேசி, அதையும் ஒரு செய்தியாக எழுதி அனுப்பச் சொன்னேன்: "டிசம்பர் 20இல் ரூ.1,500, ஜனவரி 5இல் ரூ.3,000, பிப்ரவரி 5இல் ரூ.4,500, மார்ச் 5இல் கடைசித் தவணை ரூ.3,000." கூட்டிப் பாருங்கள், அதே 12,000. கடைக்காரருக்கு ஒரு ரூபாய் நஷ்டமில்லை. வாயால் பேசியதை எழுத்தில் வைக்காவிட்டால் பிப்ரவரியில் ஆளுக்கொரு கணக்கு சொல்வார்கள்.

"இவ்வளவு பதமாகக் கேட்டால் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்வார்கள் சார்" என்று சிலர் சொல்வீர்கள். எல்லாரிடமும் இந்தக் கடிதம் பலிக்காது என்பது எனக்கும் தெரியும். கட்டவே எண்ணம் இல்லாதவரிடம் எந்தத் தமிழும் எடுபடாது. ஆனால் அவரை அடையாளம் காட்டுவதும் இந்தக் கடிதம்தான். முடையில் இருப்பவரிடம் தேதி கேட்டால் தேதி சொல்வார், குறைந்தபட்சம் ஒரு தொகை சொல்வார். எண்ணம் இல்லாதவர் தேதியே சொல்லமாட்டார், அல்லது அவரே சொன்ன தேதி இரண்டு முறை தாண்டிப்போகும். அப்போது அடுத்த கடிதம் இன்னும் சுருக்கமாக இருக்கட்டும்: "20ஆம் தேதி வருவதாகச் சொன்ன ரூ.3,000 வரவில்லை. 27ஆம் தேதி சனிக்கிழமை காலை 11 மணிக்கு நான் நேரில் வருகிறேன். அதற்கு முன் பேச விரும்பினால் கூப்பிடுங்கள்." தாமதக் கட்டணம் என்று அட்டையில் முன்பே எழுதியிருந்தால், அந்தத் தொகையையும் இங்கே சொல்லலாம். எழுதாத கட்டணத்தை இப்போது புதிதாகப் போடக்கூடாது. சொன்னதைச் செய்யுங்கள், செய்வதை மட்டும் சொல்லுங்கள். கண்டிப்பு என்பது அவ்வளவுதான்.

ஃபைனான்ஸ் கம்பெனி மூலம் தவணையில் வாங்கியவர்களுக்கும் ஒரு வார்த்தை. அங்கே உங்களுக்குக் கடன் கொடுத்தது கடை இல்லை, கம்பெனி. பாக்கி கேட்டுக் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் வசூல் ஏஜென்ட் அழைக்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் சுற்றறிக்கை விட்டிருக்கிறது. சொந்தமாகத் தவணை கொடுக்கும் சின்னக் கடைகளுக்கு அந்த விதி நேரடியாகப் பொருந்தாது. ஆனாலும் அதையே வழக்கமாக வைத்துக்கொள்வது நல்லது. இரவு பத்து மணிக்கு வரும் கடன் செய்தி ஒரு குடும்பத்தின் தூக்கத்தைத்தான் கெடுக்கும். அந்த நேரத்தில் யாரிடமும் பணம் இருக்காது.

வாங்கியவர்கள் செய்யவேண்டியதும் ஒன்று இருக்கிறது. கட்ட முடியாத மாதம் வரும் என்று தெரிந்தால், 5ஆம் தேதிக்கு முன்பே நீங்களே ஒரு வரி அனுப்பிவிடுங்கள்: "இந்த மாதம் 1,500தான் முடியும், மீதி பிப்ரவரி 5." அந்த ஒரு வரி வந்துவிட்டால் கடைக்காரர் நினைவூட்டல் எழுதவேண்டிய வேலையே இல்லை. ஆசாரிக்குக் கூலி கொடுக்க வேறு வழியைப் பார்த்துக்கொள்வார்.

மேலே இருக்கும் கடிதத்தை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். பெயர், பொருள், தவணை எண், தொகை, தேதி, கிழமை இந்த ஆறையும் மட்டும் ஒவ்வொரு முறையும் நோட்டைப் பார்த்து மாற்றுங்கள். ஒருவருக்கு எழுதியதை அப்படியே இன்னொருவருக்கு அனுப்பினால் பழைய கதைதான்.